வகுப்பறையில் ஒரு கண்மாய்: சமூக அறிவியல் கற்பித்தலில் பாத்திரமேற்றலும் போலச்செய்தலும்

பிற்காலப் பாண்டியர் கல்வெட்டுகள் நம் நகரை 'மாடக்குளக்கீழ் மதுரை' என்று குறிக்கின்றன. தலைநகரையே ஒரு கண்மாயின் கீழ் அமைந்த ஊராக எழுதிய காலம் அது. அக்கண்மாய்க்கு அண்மையில் உள்ள பழங்காநத்தத்தில் இன்று வயல்கள் தெருக்களாகிவிட்டன. பேருந்துக்கு நிற்கும் மாணவனிடம் மடை என்றால் என்ன, கலுங்கு என்றால் என்ன என்று கேட்டால் விழிக்கிறான். கலுங்கு என்பது மிகைநீர் வழிந்தோடும் இடம் என்பதைப் பாடநூலிலிருந்து ஒப்பிப்பவன் உண்டு. ஆனால் தண்ணீர் குறைந்த ஆண்டில் கடைமடைக்காரர் ஏன் இரவில் கரையில் படுத்தார் என்பதை ஒப்பித்து அறிய இயலாது.

சமூக அறிவியல் ஆசிரியர்களாக விளங்கும் நம் பழைய மாணவர் சிலர், ஒன்பதாம் வகுப்பிற்கு ஒரு கண்மாய் விளையாட்டை அமைக்க முற்பட்டபோது, பாத்திர அட்டைகளைத் தமிழில் எழுதித் தருமாறு நம்மிடம் வந்தனர். தமிழ்த்துறைக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர் உளர். அட்டையில் எழுதப்படும் ஒரு பெயரடை முழு வகுப்பையும் கெடுக்கக்கூடும் என்பதைக் கீழே காட்டுவோம். அவ்விளையாட்டையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறைகளை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரண்டும் ஒன்றல்ல

பாத்திரமேற்றல் என்பது ஒரு மாந்தர் ஒரு முடிவின் முன் நிற்கும் கணத்தை மாணவர் ஏற்று நிற்பது. 1939 சூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர், பி. கக்கன் உள்ளிட்டோருடன் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தார். அதற்கு இசைவளித்த நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு. அவர் முன் இருந்த வாதங்கள் யாவை, அவரிடம் யார் யார் என்ன சொல்லியிருக்கக்கூடும் என்று மாணவர் எண்ணிப் பேசுவது பாத்திரமேற்றல். இங்கே விதிகள் குறைவு. மனமும் சொல்லும் மிகுதி.

போலச்செய்தல் என்பது ஓர் அமைப்பின் விதிகளைச் சுருக்கி, அவ்விதிகளுக்குள் மாணவரை இயங்கவிட்டு, என்ன விளைகிறது என்று பார்ப்பது. விளைவை எவரும் முன்கூட்டி எழுதி வைப்பதில்லை. விதிகளும் மாணவர் எடுக்கும் முடிவுகளும் சேர்ந்து அதனை உண்டாக்குகின்றன. நம் பள்ளிகளில் நடைபெறும் இளையோர் நாடாளுமன்றம் பெயரளவில் இவ்வகையைச் சேர்ந்ததே. எனினும் போட்டிக்காக வினாவும் விடையும் எழுதி மனப்பாடம் செய்யப்படும்போது அது நாடகமாகிவிடுகிறது. அவையில் எந்தத் தீர்மானம் நிறைவேறும் என்பது ஒரு வாரத்திற்கு முன்பே எல்லார்க்கும் தெரிந்திருந்தால், அங்கே போலச்செய்தல் நிகழவில்லை என்று அறியலாம்.

திட்டமிடல்: நாற்பது புளியங்கொட்டைகள்

ஆசிரியர் முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒரேயொரு வினாவை. நம் விளையாட்டின் வினா இது: தண்ணீர் குறைந்த ஆண்டில் ஒரு கண்மாயின் ஆயக்கட்டுக்காரர் எவ்வாறு பங்கிட்டுக்கொள்வர், அதனால் யாருக்கு என்ன நேரும்? ஆக்கிரமிப்பு, தூர்வாருதல், மீன்பாசி ஏலம் எல்லாம் கண்மாயோடு தொடர்புடையனவே. அனைத்தையும் ஒரு விளையாட்டில் புகுத்தினால் எதுவும் விளங்காது.

வகுப்பில் நாற்பது பேர். மூவர் கொண்ட எட்டுக் குடும்பங்கள் வாய்க்கால் நெடுகிலும் வரிசையாக அமர்கின்றன. முதற்குடும்பம் தலைமடை, எட்டாம் குடும்பம் கடைமடை. இருவர் நீர்ப்பாய்ச்சிகள். அறுவர் நிலமற்ற கூலித் தொழிலாளர். எஞ்சிய எண்மர் நோக்கர்கள், குடும்பத்திற்கு ஒருவர் வீதம். இடங்கள் குடவோலைபோல் சீட்டெடுத்து ஒதுக்கப்படுகின்றன.

தண்ணீருக்குப் புளியங்கொட்டை. நல்ல ஆண்டில் கண்மாயில் 64 கொட்டைகள் இருக்கும். ஒரு பருவத்தில் நான்கு முறை தண்ணீர் விடுவர். ஒவ்வொரு முறையும் ஒரு குடும்பத்திற்கு இரண்டு கொட்டை தேவை. எட்டுக் குடும்பத்திற்குப் பதினாறு, நான்கு முறைக்கு அறுபத்து நான்கு. ஆக, நல்ல ஆண்டில் சிக்கலே இல்லை. ஆனால் இவ்வாண்டு கண்மாயில் இருப்பவை 40 மட்டுமே. நீர்ப்பாய்ச்சி முறைக்குப் பத்துக் கொட்டைகளைத் தேங்காய்ச் சிரட்டையில் எண்ணிப்போட்டுத் தலைமடையிடம் தருகிறார். சிரட்டை கைமாறிச் செல்கிறது. ஒரு குடும்பம் ஒரு முறைக்கு மூன்றுக்கு மேல் எடுக்கலாகாது. எடுத்ததைத் திருப்பி வைக்கவும் இயலாது.

விளைச்சல் கணக்கு கரும்பலகையில் முன்னரே எழுதப்பட்டிருக்கும். பருவம் முழுதும் எட்டுக் கொட்டை பெற்ற வயலில் 20 மூட்டை. ஆறோ ஏழோ பெற்றால் 12. நான்கோ ஐந்தோ பெற்றால் 5. அதற்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. எட்டுக்கு மேல் எவ்வளவு எடுத்தாலும் இருபதுதான். ஊரின் மொத்த விளைச்சலில் பத்து மூட்டைக்கு ஒரு மூட்டை கூலித் தொழிலாளருக்குச் சேரும். எளிமைக்காக அதனைக் குடும்பக் கணக்கில் கழிக்காமல் தனியே குறிக்கிறோம்.

இந்த ஏறுமாறான கணக்கு வேண்டுமென்றே வைக்கப்பட்டதாகும். பாதித் தண்ணீர் பெற்ற நெல் பாதி விளைச்சல் தருவதில்லை. பூட்டை வெளிவரும் நேரத்தில் காய்ந்தால் பதராகிவிடும். உழவர் அனைவரும் அறிந்த இவ்வுண்மையை விதியாக்கினாலன்றி விளையாட்டில் எந்தச் சிக்கலும் எழாது. விளையாட்டை அமைப்பவரின் பாட அறிவு வெளிப்படும் இடம் இத்தகைய விதிதான்.

அட்டைகளின் மொழி

நம்மிடம் முதலில் கொண்டுவரப்பட்ட வரைவில் தலைமடை அட்டை, 'நீங்கள் பேராசை கொண்ட பெருநிலக்கிழார்' என்று தொடங்கியது. கடைமடை அட்டையில் 'அப்பாவி ஏழை விவசாயி' என்றிருந்தது. இவ்வட்டைகளைக் கையில் கொண்ட மாணவன் என்ன செய்வான்? மீசையை முறுக்குவான், அல்லது அழுவான். வகுப்பு சிரிக்கும். பேராசையால் தண்ணீர் போயிற்று என்ற முடிவு அட்டையிலேயே எழுதப்பட்டிருப்பதால் கண்டறிய எதுவும் எஞ்சாது.

அட்டை நிலைமையைச் சொல்ல வேண்டும், குணத்தைச் சொல்லலாகாது. நாம் திருத்தித் தந்த தலைமடை அட்டை இது: 'உங்கள் வயல் மடைக்கு மிக அருகில் உள்ளது. மகளின் திருமணத்திற்கு வாங்கிய கடனைத் தை மாதம் திருப்ப வேண்டும். அதற்குக் குறைந்தது பன்னிரண்டு மூட்டை தேவை. போன ஆண்டு நான்காம் முறைத் தண்ணீர் வரவேயில்லை.' இதில் பேராசை என்ற சொல் இல்லை. ஆயினும் இதைப் படித்தவன் மூன்று கொட்டை எடுப்பான். ஏன் எடுத்தான் என்று பின்னர் கேட்டால், 'நான்காம் முறை வராதோ என்று பயந்தேன்' என்பான். நமக்கு வேண்டியது அந்த விடைதான். அச்சமும் பதுக்கலும் பிணைந்திருப்பதை அவன் தன் கையாலேயே கண்டுவிட்டான்.

இன்னொரு நெறியும் உண்டு. அட்டையில் சாதிப்பெயர் வரலாகாது. சாதியை உணர்த்தும் பெயர்களும் வரலாகா. நம் ஊர்ப்புறங்களில் நீர்ப்பாய்ச்சும் பணி பல இடங்களில் குறிப்பிட்ட மக்களுக்கு என்றே ஒதுக்கப்பட்டிருந்தது. வகுப்பில் அம்மக்களின் பிள்ளைகள் இருப்பர். ஒரு மாணவன் தன் குடும்பம் பட்ட இழிவைப் பிறர் முன் நடித்துக் காட்டுமாறு ஒருபோதும் செய்யலாகாது. அவ்வரலாற்றை ஆவணங்களின் வழியே கற்பித்தலே தக்கது. 1968இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜேன் எலியட் என்ற ஆசிரியை, மூன்றாம் வகுப்புக் குழந்தைகளைக் கண்ணின் நிறத்தால் பிரித்து ஒரு பிரிவினரைத் தாழ்ந்தோராக நடத்திக் காட்டினார். அது உலகெங்கும் பேசப்பட்டது; குழந்தைகளின் மனத்தைப் புண்படுத்தலாமா என்ற கண்டனத்திற்கும் உள்ளாயிற்று. கோயில் நுழைவைப் பாத்திரமேற்றலுக்கு எடுப்பினும் முடிவெடுத்தோரின் ஆலோசனையை எடுக்கலாம். தடுத்து நிறுத்தப்பட்டோரின் அவமானத்தை எடுக்கலாகாது.

மூன்று பருவங்கள்

விளையாட்டிற்கு மூன்று பாடவேளைகள் தேவை. முதலாவதில் விதி விளக்கமும் அட்டை படித்தலும். அடுத்ததில் மூன்று பருவங்களும். மூன்றாவது முழுதும் பின்னுரையாடலுக்கு.

முதற்பருவத்தில் குடும்பங்கள் ஒன்றோடொன்று பேசலாகாது. நாம் உடனிருந்து கண்ட வகுப்பொன்றில் நிகழ்ந்தது வருமாறு. முதல் மூன்று குடும்பங்கள் ஒவ்வொரு முறையும் மும்மூன்று எடுத்தன. நான்காம் குடும்பத்திற்கு ஒன்று மிஞ்சியது. மற்ற நால்வர் வெற்றுச் சிரட்டையைக் கைமாற்றினர். பருவ இறுதியில் முதல் மூவரிடமும் பன்னிரண்டு கொட்டைகள் வீதம் இருந்தன. விளைச்சல் இருபது வீதம் அறுபது மூட்டை. நான்காம் குடும்பத்திற்கு ஐந்து. ஊருக்கு மொத்தம் 65. எவருக்கும் பயன்படாமல் தேங்கிய கொட்டைகள் பன்னிரண்டு. கூலித் தொழிலாளருக்கு ஆறு மூட்டை.

இரண்டாம் பருவத்திற்கு முன் ஐந்து நிமிடம் பேச இடம் தரப்பட்டது. கடைமடையினர் எழுந்து நியாயம் கேட்டனர். தலைமடையினர் வெட்கியவர்போல் இசைந்தனர். எல்லார்க்கும் சமம் என்று முடிவாயிற்று. நாற்பதை எட்டால் வகுத்துக் குடும்பத்திற்கு ஐந்து கொட்டை. நீர்ப்பாய்ச்சி முறைவைத்துப் பிரித்தார். வகுப்பே மகிழ்ந்து கைதட்டியது. பிறகு விளைச்சலைக் கணக்கிட்டனர். குடும்பத்திற்கு ஐந்து மூட்டை, ஊருக்கு மொத்தம் 40. கூலித் தொழிலாளருக்கு நான்கு. போன பருவத்தைவிட இரண்டு குறைவு. நீதி வழங்கிய ஆண்டில் ஊர் முன்னினும் வறுமையுற்றது. நம் கணிப்பில் இவ்விளையாட்டின் இதயம் இவ்விடமே. இங்கே ஆசிரியர் வாய் திறக்கலாகாது.

மூன்றாம் பருவத்திற்கு முன் மீண்டும் ஐந்து நிமிடம். இம்முறை பேச்சு உணர்ச்சியை விட்டுக் கணக்கிற்கு வந்தது. ஆறாம் குடும்பத்து மாணவி ஒருத்தி, 'நாற்பதை எட்டு எட்டாகப் பிரித்தால் ஐந்து வயல் முழுதாக விளையும். ஐந்து வயலை மட்டும் விதைத்து, விளைந்ததை எல்லாரும் பங்கிட்டால் என்ன?' என்றாள். ஐந்து வயலில் இருபது வீதம் 100 மூட்டை. எட்டாகப் பிரித்தால் குடும்பத்திற்குப் பன்னிரண்டரை. தலைமடைக்காரரின் கடனும் அடையும். கூலித் தொழிலாளருக்குப் பத்து. ஆனால் யார் வயலைத் தரிசாக விடுவது, விளைந்த பின் தலைமடைக்காரர் சொன்ன சொல்லைக் காப்பார் என்பதற்கு யார் பிணை என்று பூசல் எழுந்து, நேரம் முடியும்வரை ஓயவில்லை.

எல்லா வகுப்பிலும் ஒருத்தி இவ்வாறு கண்டுபிடிப்பாள் என்று எண்ண வேண்டா. கண்டுபிடிக்காவிடினும் கெடுதல் இல்லை. குறிப்புக் கொடுத்து அவ்விடைக்கு இட்டுச்செல்லும் ஆசிரியரே கெடுதல் செய்பவர்.

பின்னுரையாடல்

விளையாட்டை மட்டும் நடத்திவிட்டு மணியடித்ததும் கலைந்து போகும் வகுப்புகள் பல. அவற்றில் மாணவர் நினைவில் எஞ்சுவது, தலைமடையில் அமர்ந்த தோழன் தண்ணீர் தரவில்லை என்ற கோபம் மட்டுமே. நேரம் போதாதெனத் தெரிந்தால் மூன்றாம் பருவத்தைக் கைவிடலாமேயன்றிப் பின்னுரையாடலைச் சுருக்கலாகாது. விளையாடிய நேரத்திற்குக் குறையாத நேரம் அதற்கு வேண்டும்.

முதற்செயல் பாத்திரத்தைக் களைதல். அட்டைகளைத் திருப்பித் தந்து, வரிசையைக் கலைத்து வட்டமாக அமர்ந்து, ஒவ்வொருவரும் தம் பெயரைச் சொல்லிவிட்டு ஒரே வாக்கியத்தில் எப்படி இருந்தது என்று கூற வேண்டும். இதனைச் சடங்கென்று தள்ளுவோர் உண்டு. ஆனால் எட்டாம் குடும்பத்து மாணவன் 'நீ' என்று விளித்து முதற்குடும்பத்தானைச் சாடிக்கொண்டிருந்தால் அவன் இன்னும் கடைமடையில்தான் அமர்ந்திருக்கிறான் என்று பொருள். அந்நிலையில் காரணம் ஆராய இயலாது. 'தலைமடைக் குடும்பம்' என்று அவன் படர்க்கையில் பேசத் தொடங்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். இலக்கணம் இங்கே நல்ல அளவுகோல்.

அடுத்து நடந்தது என்ன என்று கேட்க வேண்டும். நோக்கர்கள் தம் தாள்களைப் படிக்க, மூன்று பருவத்துக் கொட்டைக் கணக்கும் மூட்டைக் கணக்கும் கரும்பலகையில் ஏறும். எது நியாயம் என்ற வினா இப்போது வேண்டா. நியாயத்தை முதலில் கேட்டால் ஆசிரியர் விரும்பும் விடையை வகுப்பு சொல்லிவிடும். கணக்கை எவரும் பார்க்கமாட்டார். கணக்கு முழுமையாக எழுதப்பட்ட பிறகே, சமமாகப் பிரித்தும் விளைச்சல் ஏன் குறைந்தது, பன்னிரண்டு கொட்டை வீணானது எதனால், கூலித் தொழிலாளர் பேச்சில் ஏன் சேர்க்கப்படவில்லை என்று காரணங்களுக்குச் செல்ல வேண்டும். கடைசி வினா நாம் கண்ட வகுப்பை வாயடைக்கச் செய்தது. அவர்கள் பேசக்கூடாது என்று விதியில் எங்குமே இல்லை. நிலம் வைத்திருந்த எட்டுக் குடும்பத்தாரும் அவர்களைக் கேட்கவில்லை. அவர்களும் கேட்கப்படுவோம் என்று எதிர்பார்க்கவில்லை.

இதன் பிறகே வகுப்பறையை விட்டு வெளியே வரலாம். அம்மாணவி கண்ட வழி இலங்கையின் வறண்ட வலயத்துக் குளங்களில் வழிவழியாக நிலவியது என்பதை ஆசிரியர் இப்போது கூறலாம். அங்கு அதனைப் 'பெத்ம' என்பர். குளம் நிறையாத ஆண்டில் குளத்திற்கு அருகில் உள்ள வயல்களை மட்டும் பயிரிட்டு, அந்நிலத்தையே அப்பருவத்திற்கு எல்லா உடைமையாளர்க்கும் பகிர்ந்து தருவர். விளைச்சலையன்றி நிலத்தையே பங்கிடுவதால், சொன்ன சொல்லைக் காப்பாரா என்ற ஐயம் பெரிதும் நீங்குகிறது. நம் வகுப்பில் எழுந்த பூசலுக்கு மறுமொழி அதில் இருந்தது! பொதுவளங்களை மக்களே பேணும் வழிகளை ஆராய்ந்து 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரமும் அவருடன் பணியாற்றியோரும், ஆய்வுக்கூடச் சோதனைகளில் முகம் பார்த்துப் பேச இடம் தந்தபோது பங்கேற்போர் வளத்தை மேலும் நன்றாகப் பயன்படுத்தினர் என்று காட்டினர். நம் இரண்டாம் பருவமோ, பேச்சு மட்டும் போதாது, கணக்கும் வேண்டும் என்று காட்டுகிறது.

இறுதியாக, இவ்விளையாட்டு எங்கே பொய் சொல்கிறது என்று மாணவரே பட்டியலிட வேண்டும். நாம் கண்ட வகுப்பில் முதலில் வந்த விடை கிணறு. சொந்தக் கிணறும் மின்மோட்டாரும் உடையவர் கண்மாயை நம்பி இருப்பதில்லை. அத்தகையோர் பெருகிய ஊரில் பேச்சுக்கே ஆள் வாரார். வாய்க்காலில் மண் உறிஞ்சும் நீர் கணக்கில் இல்லை என்றான் ஒருவன். மாடக்குளத்தருகே குடியிருக்கும் ஒருத்தி, 'ஆயக்கட்டே வீடாகிவிட்டால் இந்தப் பங்கீடு யாருக்கு?' என்றாள். அவ்வினாவை அவர்கள் வீட்டிற்குக் கொண்டு சென்று, தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதி வந்தனர்.

மதிப்பிடல்

மூட்டைக்கு மதிப்பெண் தரலாகாது. தந்தால் தலைமடைச் சீட்டைப் பெற்றவன் சீட்டெடுத்த கணத்திலேயே தேறிவிடுகிறான். நடிப்புக்கும் மதிப்பெண் தரலாகாது. உரத்த குரலும் முகபாவமும் கலைவிழாவிற்கு உரியவை. எத்தனை முறை பேசினான் என்று எண்ணுவதும் தவறான அளவே. ஐந்தாம் குடும்பத்தில் வாய்திறவாத மாணவன் பிறர் பேச்சைக் கேட்டுத் தாளில் நாற்பதை வகுத்துக்கொண்டிருந்தான் என்று அவனுடைய நோக்கர் குறித்திருந்தார்.

நோக்கர் தாளில் மூன்று செய்திகள் மட்டும் போதும். அட்டையில் உள்ள தகவலைப் பயன்படுத்தினாரா. பிறர் கூறியதற்கு விடையிறுத்தாரா. காரணம் கேட்டுத் தம் நிலையை மாற்றினாரா அல்லது காரணம் கூறி அதில் நின்றாரா? ஒவ்வொன்றுக்கும் சான்றாக அவர் சொன்ன அல்லது செய்த ஒன்றை நோக்கர் எழுத வேண்டும். 'நன்றாகப் பங்கேற்றார்' என்று எழுதியிருப்பின் தாளைத் திருப்பித் தரவேண்டும். கூலித் தொழிலாளரையும் நீர்ப்பாய்ச்சிகளையும் ஆசிரியரே நோக்குவார். கேட்கப்படாமையால் பேசாதிருந்த தொழிலாளர்க்கு அதற்காக மதிப்பெண் குறைத்தல் கூடாது.

பத்து மதிப்பெண்ணில் இந்நோக்கலுக்கு மூன்று. எஞ்சிய ஏழு மறுநாள் எழுதும் ஒரு பக்கக் கட்டுரைக்கு. தலைமடையில் இருந்தவர் கடைமடையினராகவும், கடைமடையில் இருந்தவர் தலைமடையினராகவும், மற்றவர் தாம் விரும்பும் ஒரு குடும்பத்தாராகவும் நின்று, இரண்டாம் பருவத்து முடிவை ஏற்பதற்கோ மறுப்பதற்கோ கரும்பலகைக் கணக்கிலிருந்து காரணம் காட்ட வேண்டும். எதிர்நிலையின் வாதத்தை அதன் வலுவோடு எடுத்துரைத்தாரா என்பதற்கு மூன்று, கணக்கைச் சான்றாக்கியதற்கு இரண்டு, விளையாட்டு விட்டுவிட்ட ஒன்றைச் சுட்டி அது சேர்ந்தால் விளைவு எப்படி மாறும் என்று எழுதியதற்கு இரண்டு. நோக்கர்களும் இக்கட்டுரையை எழுதவேண்டும். அவர்களுக்குரிய மூன்று மதிப்பெண்ணை, தாம் நிரப்பிய தாளில் காட்டிய சான்றுகளின் தெளிவைக் கொண்டு ஆசிரியர் வழங்குவார்.